தொலைபேசியில் "செய்வம்" என்றோம், குறிப்பில் "செய்யப்படும்" என்று எழுதிவிட்டேன்

சீனக்குடாப் பெடியன் · செப்டம்பர் 28, இரவு 8.40

வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீனக்குடாப் பக்கம் ஒரு மீன் பதனிடும் இடத்தில் வேலை செய்கிறேன். ஐஸும் அங்கேயே அடிக்கிறோம். சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கிற வருடம் இது. கழிவுநீர் பற்றிச் சில கேள்விகள் இருந்ததால் செப்டம்பர் 16, செவ்வாய்க்கிழமை, அதிகாரிகளோடு தொலைபேசியில் ஒரு கூட்டம் நடந்தது. அவர்கள் பக்கம் இரண்டு பேர். ஒருவர் இங்கே மாவட்டத்தில், மற்றவர் கொழும்பில். எங்கள் பக்கம் முகாமையாளர், பொறியியலாளர், நான். காலை 10.05க்குத் தொடங்கி 10.47க்கு முடிந்தது. குறிப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அடுத்த நாள் எழுதி, முகாமையாளர் ஒரு பார்வை பார்த்து, மின்னஞ்சலில் அனுப்பினோம்.

வெள்ளிக்கிழமை அங்கிருந்து கடிதம் வந்திருக்கிறது. "உங்கள் குறிப்பில் அளித்த உறுதிமொழிகளின்படி" என்று தொடங்கி என் வசனங்களையே எங்களுக்குத் திருப்பித் தந்திருக்கிறார்கள். நான் எழுதியது இதுதான்:

"சமப்படுத்தும் தொட்டியின் விரிவாக்கம் நவம்பர் 30க்குள் முடிக்கப்படும் என நிறுவனம் உறுதியளித்தது. இறுதி வெளியேற்ற நீரின் பரிசோதனை அறிக்கை இரண்டு வாரங்களுக்குள் சமர்ப்பிக்கப்படும். வெளியேற்றத்துக்குக் கரையோரக் கடல் நீருக்கான வரம்பு பொருந்தும் என அதிகாரி தெளிவுபடுத்தினார்."

கடிதத்தில் முதல் இரண்டும் திகதியோடு இருக்கின்றன. மூன்றாவது பற்றி ஒரு சொல்கூட இல்லை.

பொறியியலாளர் என்னோடு கத்துகிறார், "நவம்பரில் எவன் தொட்டி கட்டுவான்?" என்று. முகாமையாளர் சொல்கிறார், குறிப்பைத் திருத்தி அதே 17ஆம் திகதி போட்டுத் திரும்ப அனுப்பு, முதலில் போனது வரைவு என்று சொல்லிவிடலாம் என்று. செய்யலாமா? அறிக்கைக்கு நாளை மறுநாள் கடைசி நாள்.

ஆறாங்கட்டை · செப்டம்பர் 28, இரவு 9.02

தம்பி, இந்தத் தொலைபேசி நிறுவனங்களோடு எனக்கும் ஒரு வருடமாகச் சண்டை. போனில் கேட்டால் "அடுத்த பில்லில் கழித்துவிடுவோம்" என்பார்கள், அடுத்த பில்லில் இன்னும் கூடி வரும். ஒழுங்குபடுத்துகிற இடத்துக்கு முறைப்பாடு போடுங்கள். ஆனால் கதைத்த பிள்ளையின் பெயரை எழுதி வையுங்கள். நான் எழுதவில்லை, அதுதான் பிழைத்தது.

சீனக்குடாப் பெடியன் · செப்டம்பர் 28, இரவு 9.06

ஐயா, இது தொலைபேசி பில் இல்லை, மீன் தண்ணீர். ஆனாலும் பெயர் எழுதி வைக்கிற கதை சரிதான்.

வெருகல் காற்று · செப்டம்பர் 28, இரவு 9.15

இதற்கெல்லாம் ஒரே மருந்து, கதைப்பதைப் பதிவு செய்வது. 1995ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் ஒலிப்பதிவை ஏற்கலாம் என்று இருக்கிறது. பதிவு இருந்தால் குறிப்பே தேவையில்லை. இப்போதும் முகாமையாளர் சொன்னதைச் செய்யுங்கள், வரைவுதானே. இறுதி என்று தலைப்பில் போட்டீர்களா? போடாவிட்டால் அது வரைவு.

கடற்கரை வீதி · செப்டம்பர் 28, இரவு 9.50

பெடியன், முதலில் ஒன்று: பழைய திகதியைப் போட்டுப் புதிய குறிப்பு அனுப்பாதேயும். முதல் பிரதி அவர்களுடைய கோப்பில் இருக்கிறது, மின்னஞ்சல் வந்த நேரத்தோடு. ஒரே திகதியில் இரண்டு குறிப்பு இருந்தால் அதற்குப் பிறகு நீங்கள் எழுதுகிற ஒன்றையும் நம்ப மாட்டார்கள். இப்போது உங்களிடம் இருப்பது ஒரு பிழை. அதைச் செய்தால் அது பொய் ஆகிவிடும்.

நான் 20 வருடத்துக்கு மேல் இந்த மாதிரிக் குறிப்புகள் எழுதியிருக்கிறேன். அதில் சில வருடம் மேசையின் மற்றப் பக்கத்தில், அதாவது நிறுவனங்கள் அனுப்பும் குறிப்புகளை வாசிக்கிற இடத்தில். அங்கே இருப்பவருக்கு உங்களோடு பகை இல்லை. அவர் மேசையில் கோப்புகள் குவிந்திருக்கும். உங்கள் குறிப்பைத் திறப்பார், "செய்யப்படும்", "சமர்ப்பிக்கப்படும்" என்று முடிகிற வசனங்களைத் தேடுவார், திகதியை எடுத்து நாட்குறிப்பில் போடுவார். நீங்கள் எழுதியதைத்தான் அவர் கடிதம் ஆக்கியிருக்கிறார்.

வெருகல் தம்பிக்கு: ஒலிப்பதிவைச் சாட்சியமாக ஏற்க வழி உண்டு, அது உண்மை. ஆனால் அது வழக்குக்குப் போனபிறகு வருகிற கதை. 42 நிமிடப் பதிவை யாரும் உட்கார்ந்து கேட்கப் போவதில்லை. பதிவு செய்கிறோம் என்று சொன்னால் அந்த அதிகாரி வாயைத் திறக்கவும் மாட்டார், சொல்லாமல் செய்தால் அடுத்த முறை போனையே எடுக்க மாட்டார். பதிவில் இருப்பது யார் என்ன சொன்னார் என்பது மட்டும். குறிப்பில் இருப்பது இனி யார் எதை எப்போது செய்ய வேண்டும் என்பது.

பெடியனிடம் சில கேள்விகள். தொட்டி பற்றி முகாமையாளர் என்ன சொன்னார், அவருடைய சொல்லிலேயே? அப்போது பொறியியலாளர் இணைப்பில் இருந்தாரா? வரம்பு பற்றி அதிகாரி என்ன சொன்னார், அதுவும் அவருடைய சொல்லில்? கையால் எழுதிய கொப்பி இருக்கிறதா?

சீனக்குடாப் பெடியன் · செப்டம்பர் 28, இரவு 10.31

அக்கா, கொப்பி இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். பார்த்தபிறகுதான் வயிற்றைக் கலக்குகிறது.

10.12: முகாமையாளர், "பம்ப் ஒக்டோபர் நடுவில கொழும்புக்கு வரும் எண்டு சொல்லியிருக்கினம் சேர். வந்தால் நவம்பர் முடியச் செய்வம்."

10.20: பொறியியலாளர் சேர்ந்தார்.

10.26: மாவட்ட அதிகாரி, தண்ணீர் அறிக்கை கேட்டார். முகாமையாளர், "ரெண்டு கிழமைக்குள்ள பாப்பம்."

10.38: நான்தான் கேட்டேன், எங்களுக்கு எந்த வரம்பு என்று. கொழும்பு அதிகாரி, "அது கடல்தானே… பலமு."

அவ்வளவுதான். கூட்டத்துக்கு வந்தவர்கள் என்று ஐந்து பெயரையும் மேலே வரிசையாகப் போட்டுவிட்டேன், பொறியியலாளர் 15 நிமிடம் பிந்தியதை எழுதவில்லை.

கிண்ணியாப் பாலம் · செப்டம்பர் 28, இரவு 10.48

மொழிபெயர்ப்பு என் தொழில், அதனால் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

செய்வம், பாப்பம், பலமு. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு இந்த நாட்டில் ஒரு முழுக் கூட்டத்தையே நடத்தி முடிக்கலாம், ஒருவரும் ஒன்றையும் ஒப்புக்கொள்ளாமல். எங்கள் ஊரில் கடைக்காரர் "தருவம்" என்றால் அது கடனுக்கு மறுமொழியே இல்லை. சிங்களத்தில் "பலமு" என்றால் பார்ப்போம், அவ்வளவுதான். அதை நீங்கள் "தெளிவுபடுத்தினார்" ஆக்கியிருக்கிறீர்கள். "செய்வம்" என்பதை "முடிக்கப்படும் என உறுதியளித்தது" ஆக்கியிருக்கிறீர்கள். பேச்சுத் தமிழிலிருந்து கந்தோர்த் தமிழுக்கு ஏற்றும்போது ஒவ்வொரு வினைச்சொல்லும் ஒரு படி இறுகிவிடும். "படும்" போட்டால் இன்னும் ஒரு படி.

நான் செய்வது இதுதான்: சந்தேகமான சொல் வந்தால் சொன்னவரின் சொல்லையே மேற்கோளில் வைத்துவிடுவேன், "பலமு" என்றால் "பலமு" என்றே. எந்த மொழியில் கதைத்தார்கள் என்றும் மேலே ஒரு வரி.

மூதூர் வயல் · செப்டம்பர் 28, இரவு 11.10

என் கதை மறுபக்கம். எனக்கு ஒரு சின்ன அரிசி ஆலை. உமித் தூசி பறக்கிறது என்று பக்கத்து வீட்டார் முறைப்பாடு. அதிகாரி போனில் கதைத்தார், வடக்குப் பக்கம் மட்டும் சுவர் உயர்த்தினால் போதும் என்றார். உயர்த்தினேன், காசு போனது. நான் ஒன்றும் எழுதவில்லை, அவரும் எழுதவில்லை. அவர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் கோப்பைப் பார்த்தார், முறைப்பாடு இருக்கிறது, சுவர் பற்றி ஒன்றும் இல்லை. "நாலு பக்கமும் கட்டுங்கோ" என்கிறார். பழையவருக்கு எடுத்துக் கேட்டேன், "சொன்னேனோ தெரியாது அண்ணை" என்கிறார். பொய் சொல்லும் ஆள் இல்லை, உண்மையிலேயே மறந்துவிட்டார். தம்பிக்குக் குறிப்பாவது இருக்கிறது.

கடற்கரை வீதி · செப்டம்பர் 29, காலை 5.55

காலையில் எழுதுகிறேன், மழைக்கு முந்திய புழுக்கம், நித்திரை இல்லை.

மூதூர் அண்ணை சொன்னது முக்கியம். ஆள் போவார், கோப்பு இருக்கும். ஆகவே பெடியன் குறிப்பு எழுதியது பிழை இல்லை. நிபந்தனையை விட்டதுதான் பிழை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தொட்டி. முகாமையாளர் சொன்னதில் இரண்டு பகுதி. பம்ப் வந்தால் என்பது ஒன்று, அது உங்கள் கையில் இல்லை. நவம்பர் முடிய என்பது மற்றது. நீர் முதல் பகுதியை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் எழுதினீர். தொட்டி நிலத்துக்குக் கீழேதானே? அப்படியானால் பம்ப் வந்தாலும் நவம்பரில் வேலை நடக்காது. வடகீழ்ப் பருவம் தொடங்கினால் குடாவோரம் இரண்டு அடி தோண்டினால் தண்ணீர். வெற்றுத் தொட்டியைப் பாரம் இல்லாமல் இறக்கினால் நிலத்தடி நீர் அதை மேலே தூக்கிவிடும், தோணி மாதிரி மிதக்கும். இதைப் பொறியியலாளர் 10.12க்கு இருந்திருந்தால் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பார். அதனால்தான் யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்று எழுதுவது. நவம்பர் 30 ஞாயிற்றுக்கிழமை என்பதையும் பார்த்தீரா?

நான் எழுதியிருந்தால் இப்படி: "தொட்டி விரிவாக்கத்துக்குரிய பம்ப் ஒக்டோபர் நடுப்பகுதியில் வரும் என விநியோகத்தர் கூறியிருப்பதாக முகாமையாளர் தெரிவித்தார். அது வந்தால் நவம்பர் இறுதியளவில் வேலையை முடிக்க எதிர்பார்ப்பதாகக் கூறினார். இது திகதியிட்ட உறுதிமொழி அல்ல. பொறியியலாளர் அப்போது இணைப்பில் இல்லை. பம்ப் வந்து சேர்ந்த 7 வேலை நாட்களுக்குள் வேலைத் திட்டம் ஒன்றை நிறுவனம் அனுப்பும்." கடைசி வசனம் மட்டும்தான் உறுதிமொழி. அந்த வசனத்தையும் கூட்டம் முடிய முன் போனில் சொல்லி, அவர்கள் சரி என்றபிறகுதான் எழுத வேண்டும். வீட்டுக்கு வந்து நாமாகச் சேர்க்கக் கூடாது.

அறிக்கை. இது இன்னும் எளிதாகத் தவிர்த்திருக்கக்கூடியது. மாதிரி எடுத்தாயிற்றா? எப்போது?

சீனக்குடாப் பெடியன் · செப்டம்பர் 29, காலை 7.20

24ஆம் திகதி புதன்கிழமை எடுத்தோம். சூரை வெட்டும் நாள், தண்ணீர் கடுமையாக இருக்கும் நாள்தான் எடுக்க வேண்டும் என்று பொறியியலாளர் சொன்னார். இரவு பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்பினோம், ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு. ஐஸுக்கு எங்களிடம் பஞ்சம் இல்லை. வியாழன் காலை ஆய்வுகூடத்தில் கொடுத்தாயிற்று, ரசீது இருக்கிறது. ஆனால் அறிக்கை நாளைக்கு வராது என்கிறார்கள்.

கடற்கரை வீதி · செப்டம்பர் 29, காலை 7.41

எப்படி வரும்? பிஓடி, அதாவது தண்ணீரில் உள்ள அழுக்கைக் கிருமிகள் சிதைக்க எவ்வளவு ஒட்சிசன் தேவை என்ற அளவு, அதற்குப் போத்தலை 20 பாகையில் ஐந்து நாள் இருட்டில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும். வியாழன் வைத்தால் செவ்வாய், அதாவது நாளைக்குத்தான் வாசிப்பே. அதற்குப் பிறகு கணக்கு, தட்டச்சு, கையொப்பம். இதை யாராலும் அவசரப்படுத்த முடியாது. திங்களில் கொண்டுபோய்க் கொடுத்தால் ஐந்தாம் நாள் சனிக்கிழமை விழும் என்று பல ஆய்வுகூடங்கள் திங்களில் எடுக்கவே யோசிப்பார்கள். ஆகவே 16ஆம் திகதி கதைத்தபோதே நாள்களைப் பின்னிருந்து எண்ணிப் பார்த்திருந்தால் இரண்டு வாரம் என்பது இறுக்கம் என்று தெரிந்திருக்கும்.

அறிக்கை தருவோம் என்று சொல்லாமல், "24ஆம் திகதிக்குள் மாதிரி எடுத்து ஆய்வுகூடத்தில் ஒப்படைத்து ரசீதை அனுப்புவோம், அறிக்கை எங்கள் கைக்குக் கிடைத்த 2 வேலை நாட்களில் தருவோம்" என்று சொல்லியிருந்தால் நீங்கள் இன்றைக்குச் சொல்லைக் காப்பாற்றியவர்கள். செய்த வேலை அதேதான். மற்றவன் கையிலிருக்கும் காரியத்துக்கு நாம் திகதி கொடுக்கக் கூடாது.

இன்று திங்கள். நாளைக்கு முன், இன்றைக்கே, ரசீதின் படத்தோடு ஒரு மின்னஞ்சல் அனுப்பும். மாதிரி எடுத்த நாள், நேரம், எந்த இடத்தில், அன்று என்ன வேலை நடந்தது, எத்தனை மணிக்கு ஆய்வுகூடம் எடுத்தது, அறிக்கை எப்போது எதிர்பார்க்கலாம். கெஞ்ச வேண்டாம், காரணமும் அடுக்க வேண்டாம். கடைசி நாளுக்கு முதல் நாள் போகிற கடிதம் அறிவித்தல். அடுத்த நாள் போனால் அது சமாதானம் சொல்வது.

பழைய முகாமையாளர் · செப்டம்பர் 29, காலை 9.30

அக்கா சொல்வதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. தொட்டியைப் பற்றி இப்போது "அது உறுதிமொழி அல்ல" என்று எழுதினால் அதிகாரிக்கு முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். அவர் மேலிடத்துக்குத் திகதி சொல்லியிருப்பார். அனுமதிப்பத்திரம் அவர் கையில். பேசாமல் நவம்பர் நடுவில் போய் நேரில் சந்தித்து, மழை, பம்ப் பிந்தியது என்று சொல்லி ஒரு மாதம் கேட்டால் தருவார்கள். நான் அப்படித்தான் பல வருடம் ஓட்டினேன். கடிதத்துக்குக் கடிதம் எழுதினால் பகைதான் வளரும்.

கடற்கரை வீதி · செப்டம்பர் 29, காலை 10.05

ஐயா, நீங்கள் ஓட்டியது உண்மையாக இருக்கும். ஒரே அதிகாரி இருக்கும்வரை அது ஓடும். மூதூர் அண்ணைக்கு நடந்ததையும் பாருங்கள். நவம்பரில் வேறொருவர் அந்தக் கதிரையில் இருந்தால், அவருக்குத் தெரிவது "உறுதியளித்தது, செய்யவில்லை" என்ற இரண்டு சொல் மட்டும்.

நேரில் சந்திக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் போனில் ஒரு சொல் சொல்லிவிட்டு, பிறகு எழுத்தில் அனுப்பினால் முகத்தில் அடித்த மாதிரி இராது. ஆனால் செப்டம்பரிலேயே அனுப்ப வேண்டும்.

வெருகல் காற்று · செப்டம்பர் 29, காலை 10.22

சரி, பதிவை விடுவோம். ஆனால் குறிப்பின் அடியில் "5 நாட்களுக்குள் மறுப்பு வராவிட்டால் ஏற்றுக்கொள்ளப்பட்டதாகக் கருதப்படும்" என்று ஒரு வரி போட்டிருந்தால், அந்த 100 என்ற வரம்பு இப்போது உறுதியாகியிருக்கும் அல்லவா? கடிதத்தில் அவர்கள் மறுக்கவில்லையே. நான் பார்த்தவரை 2008 வர்த்தமானியில் கடலுக்கு பிஓடி 100 மில்லிகிராம், உள்நாட்டு நீருக்கு 30. 100 கிடைத்தால் உங்களுக்குப் பெரிய லாபம்.

கடற்கரை வீதி · செப்டம்பர் 29, காலை 11.15

எண்கள் சரி தம்பி. லீற்றருக்கு 30, 100. ஆனால் மௌனம் சம்மதம் என்பது கலியாண வீட்டுக்குச் சரி. அரச அலுவலகம் பதில் எழுதாததால் சட்டத்தில் உள்ள வரம்பு மாறாது. அந்த வரியைப் போடலாம், "பிழை இருந்தால் இந்தத் திகதிக்குள் அறிவியுங்கள்" என்று. அதற்குப் பெறுமதி உண்டு: நாங்கள் அன்றே எழுதினோம், காட்டினோம் என்று காட்ட. அதற்கு மேல் அதில் தொங்க முடியாது.

இந்த மூன்றாவது வசனம்தான் எனக்கு மற்ற இரண்டையும் விடப் பயமாக இருக்கிறது. திகதி பிந்தினால் ஏச்சு விழும். வரம்பைப் பிழையாக நம்பி 100க்கு ஏற்றபடி தொட்டியைக் கட்டிவிட்டு, பிறகு 30 என்றால்? அந்தக் கொங்கிரீட்டை உடைக்கவா?

பெடியன், உங்கள் தண்ணீர் எங்கே விழுகிறது? நேரே குழாயில் கடலுக்கா?

சீனக்குடாப் பெடியன் · செப்டம்பர் 29, பகல் 12.10

இல்லை அக்கா. மதிலுக்கு வெளியே வீதியோரக் கானில் விழுகிறது. கான் கொஞ்சத் தூரம் போய், கண்டல் பக்கத்தால் குடாவுக்குப் போகிறது. மழைக்காலம் வயல் தண்ணீரும் அதில்தான் சேரும்.

கடற்கரை வீதி · செப்டம்பர் 29, பகல் 12.34

இதுதான் கேள்வியே. கான் உள்நாட்டு நீரா, குடாவின் தொடர்ச்சியா? தண்ணீர் எந்த இடத்தில் "வெளியேறுகிறது", மதிலடியிலா, கண்டலடியிலா? போனில் "அது கடல்தானே" என்றவர் இந்தக் கானைப் பார்த்தாரா? கொழும்பிலிருந்து கதைத்தவர் சீனக்குடா என்றதும் கடலைத்தான் நினைத்திருப்பார்.

குறிப்பில் இது கேள்வியாகவே நின்றிருக்க வேண்டும்: "வெளியேற்ற நீர் வீதியோரக் கான் வழியாகக் குடாவை அடைகிறது. எந்த வரம்பு பொருந்தும் என நிறுவனம் கேட்டது. கொழும்பு அதிகாரி 'அது கடல்தானே, பலமு' என்றார். தீர்மானம் தெரிவிக்கப்படவில்லை. எழுத்தில் பதில் வரவேண்டியுள்ளது." அதோடு, பதில் தரவேண்டியவர் யார் என்று ஒரு பதவிப் பெயர். கேட்ட கேள்விக்குச் சொந்தக்காரர் இல்லாவிட்டால் அது இரண்டு மேசைக்கு நடுவில் விழுந்து கிடக்கும். போனில் அந்த இடத்திலேயே "சேர், இதைத் தீர்மானிப்பது நீங்களா, வேறு யாருக்கும் எழுத வேண்டுமா?" என்று கேட்டிருக்கலாம். யாரும் கோபிக்க மாட்டார்கள், அவர்களுக்கும் அது நிம்மதி.

வலைக்காரன் · செப்டம்பர் 29, பிற்பகல் 3.45

நான் அந்தக் குடாவில் இறால் வலை போடுகிறவன். நீங்கள் எல்லோரும் வசனத்தைத் திருத்துகிறீர்கள். கானில் வருகிற தண்ணீரை யார் திருத்துவது? காலையில் அந்தப் பக்கம் மீன் கழுவிய நாற்றம், தண்ணீர் மேலே எண்ணெய்ப் படலம். 30 ஆனாலும் 100 ஆனாலும் இறால் வாசிக்காது. நவம்பர் 30 என்று வாயால் சொன்னவர்கள் சொன்னபடி கட்டினால் என்ன?

சீனக்குடாப் பெடியன் · செப்டம்பர் 29, மாலை 6.20

அண்ணை, நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். கொழுப்புப் பொறி இருக்கிறது, சூரை நாளில் அது போதாது. அதற்குத்தான் தொட்டி.

கடற்கரை வீதி · செப்டம்பர் 29, மாலை 6.55

வலைக்காரத் தம்பிக்கு மறுமொழி இல்லாமல் இந்தக் கதை முடியாது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டத்தில் நீர் விண்ணப்பித்தால் இந்தக் குறிப்பையும் கேட்கலாம். வியாபார இரகசியம் என்று சில பகுதியை மறைக்கக்கூடும், கானும் தொட்டியும் இரகசியம் என்று யாரும் சொல்வது கஷ்டம். பெடியனும் இதை நினைவில் வைக்கட்டும். குறிப்பை வாசிக்கப் போகிறவர் அதிகாரி மட்டுமில்லை.

நடக்காத திகதி உமக்கும் உதவாது தம்பி. ஆனால் தொட்டி வரும்வரை என்ன செய்வார்கள் என்று அந்த 42 நிமிடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அதிகாரிகளும் கேட்கவில்லை. சூரை வெட்டும் நாளில் கொழுப்புப் பொறியை இரண்டு தரம் வழிப்பது, இரத்தத் தண்ணீரைத் தனியாக வாளியில் பிடித்துக் கானுக்கு விடாமல் அகற்றுவது, இதெல்லாம் பம்ப் இல்லாமல், கப்பலுக்குக் காத்திராமல், நாளையே செய்யக்கூடியவை. முகாமையாளர் ஒத்துக்கொண்டால் அதை உறுதிமொழியாகக் கொடுங்கள். உங்கள் கையில் உள்ளது.

பழைய முகாமையாளர் · செப்டம்பர் 29, இரவு 7.30

இதை ஏற்கிறேன். ஒன்றைப் பின்வாங்கும்போது இன்னொன்றைக் கையில் கொண்டுபோவது நல்ல பழக்கம். ஆனாலும் "உறுதிமொழி அல்ல" என்ற சொல்லை நான் போட மாட்டேன்.

சீனக்குடாப் பெடியன் · ஒக்டோபர் 9, இரவு 9.15

என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

29ஆம் திகதி மாலையே ரசீதோடு மின்னஞ்சல் போனது. அறிக்கை ஒக்டோபர் 3ஆம் திகதி வந்தது, அன்றே அனுப்பினோம். பிஓடி 100க்கும் மேலே. ஆகவே எந்த வரம்பு என்றாலும் தொட்டி தேவைதான்.

திருத்தத்தை ஒக்டோபர் 1ஆம் திகதியிட்டுத் தனி ஆவணமாக அனுப்பினோம், 17ஆம் திகதிக் குறிப்பை அப்படியே வைத்துக்கொண்டு. முகாமையாளர் இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, பிறகு கையொப்பம் வைத்தார். "உறுதிமொழி அல்ல" என்ற வசனத்தை அவர் வெட்டிவிட்டு, "நிபந்தனையோடு கூறப்பட்ட எதிர்பார்ப்பு" என்று போட்டார். கொப்பியின் அந்தப் பக்கத்தின் படத்தையும் சேர்த்தோம். கொழுப்புப் பொறி, இரத்தத் தண்ணீர் இரண்டையும் ஒக்டோபர் 2இலிருந்து செய்வதாக எழுதினோம். செய்கிறோம். வாளி தூக்குகிற பெடியள் என்னைத்தான் ஏசுகிறார்கள்.

நேற்று மாவட்ட அதிகாரி எடுத்தார். கோபம் இல்லை. தொட்டிக்குத் திகதி வேண்டும்தான், பம்ப் வந்தவுடன் வேலைத் திட்டம் தாருங்கள் என்றார். வரம்பு பற்றிக் கேட்டேன். கானைப் பார்க்காமல் சொல்ல முடியாது, கொழும்பிலிருந்தும் ஒருவர் வரவேண்டும், தீபாவளி முடிய வருகிறோம் என்றார். "எத்தனையாம் திகதி என்று எழுதட்டும் சேர்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்துவிட்டு, "பாப்பம் எண்டு எழுதுங்கோ தம்பி" என்றார்.

அப்படியே மேற்கோளில் எழுதியிருக்கிறேன்.

கிண்ணியாப் பாலம் · ஒக்டோபர் 9, இரவு 9.40

நேரத்தையும் போட்டீர்களா?

சீனக்குடாப் பெடியன் · ஒக்டோபர் 9, இரவு 9.42

3.17.